பாயசமா, கேரட் அல்வாவா: ஒரு கிண்ணத்துக்கான கலோரிக் கணக்கு

அப்பாவுக்கு 70 வயது நிறைந்த நாளில் வீட்டில் பத்துப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதாக இருந்தது. இனிப்பு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது அம்மா சேமியா பால் பாயசம் என்றார், தங்கை கேரட் அல்வா என்றாள். எடையைக் குறைப்பதற்காக அப்பாவுக்கு உணவு முறை எழுதிக் கொடுத்திருந்த ஆலோசகர், விசேஷ நாளில் இனிப்புக்கு 200 கலோரி வரை ஒதுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். அந்த 200 கலோரிக்குள் அடங்குவது பாயசமா, அல்வாவா என்பதே கேள்வி. நெய் மிதக்கிற அல்வாவை விடப் பால் பாயசம் லேசானது என்று வீட்டில் எல்லாருமே நினைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரிந்தது.

வீட்டில் செய்யும் இனிப்பின் கலோரியை அறிய, செய்து முடித்த பண்டத்துக்கு அட்டவணையில் எண் தேடுவது பயன் தராது. அட்டவணையில் உள்ள அல்வா வேறொருவர் வீட்டு அல்வா. அதில் எவ்வளவு நெய் விட்டார்கள், எவ்வளவு நேரம் கிளறினார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே பாத்திரத்தில் இட்ட ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு, அதன் கலோரியைக் கூட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு மொத்தப் பண்டத்தின் எடையைப் பார்த்து, கூட்டுத்தொகையை அந்த எடையால் வகுக்க வேண்டும். இந்த வழி சரியாக வருவதற்குக் காரணம் எளியது. அடுப்பில் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே, தண்ணீருக்குக் கலோரி கிடையாது. சர்க்கரையும் கொழுப்பும் பாலின் புரதமும் பாத்திரத்திலேயே இருக்கின்றன. பால் சுண்டினாலும் அதன் கலோரி சுண்டுவதில்லை.

இதற்கு வேண்டிய எண்கள் சிலவே. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் எண்ணை 4.184ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து, ஆகவே 100 கிராமுக்கு 400. நெய் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு, ஆகவே 100 கிராமுக்கு 900. முந்திரிக்கு ஏறத்தாழ 580, உலர் திராட்சைக்கு 300, சேமியாவுக்கு 350, கேரட்டுக்கு 40 என்று வைத்துக்கொண்டேன்.

பாலுக்கு மட்டும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் பாக்கெட்டுக்குப் பாக்கெட் கொழுப்பு மாறுகிறது. ஆனால் பாக்கெட்டிலேயே கொழுப்பு எத்தனை சதவீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதால் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். நிலைப்படுத்திய பாலில் கொழுப்பு 4.5 சதவீதம், மற்றத் திடப்பொருள் 8.5 சதவீதம். கொழுப்பிலிருந்து 100 கிராமுக்கு 40 கலோரிக்குச் சற்று மேல் வருகிறது. மற்றத் திடப்பொருளில் முக்கால் கிராம் அளவு தாது உப்பு, அதற்குக் கலோரி இல்லை. எஞ்சிய 7.8 கிராமை 4ஆல் பெருக்கினால் 31 வருகிறது. ஆக மொத்தம் 72. இதே வழியில், 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலுக்கு 58 என்றும், 6 சதவீதக் கொழுப்பும் 9 சதவீத மற்றத் திடப்பொருளும் உள்ள நிறை கொழுப்புப் பாலுக்கு 87 என்றும் வருகின்றன. ஒரு லிட்டர் பால் 1000 கிராம் அல்ல, 1030 கிராம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி பாயசத்தை எடுத்துக்கொள்வோம். அம்மா எப்போதும் போடும் அளவு இது: நிலைப்படுத்திய பால் ஒரு லிட்டர், தண்ணீர் 300 மில்லி, சேமியா 100 கிராம், சர்க்கரை 200 கிராம், நெய் 25 கிராம், முந்திரி 25 கிராம், திராட்சை 20 கிராம். பாலுக்கு 740, சேமியாவுக்கு 350, சர்க்கரைக்கு 800, நெய்க்கு 225, முந்திரிக்கு 145, திராட்சைக்கு 60. கூட்டினால் 2320 கலோரி. பாத்திரத்தில் இட்டவற்றின் மொத்த எடை 1700 கிராம், இறக்கும்போது 1450 கிராம் இருந்தது. ஆகவே 100 கிராம் பாயசத்துக்கு 160 கலோரி வருகிறது.

அல்வாவுக்குத் தங்கை சொன்ன அளவு: தோல் சீவித் துருவிய கேரட் ஒரு கிலோ, அதே பால் அரை லிட்டர், சர்க்கரை 250 கிராம், நெய் 100 கிராம், முந்திரி 40 கிராம், திராட்சை 20 கிராம். கேரட்டுக்கு 400, பாலுக்கு 370, சர்க்கரைக்கு 1000, நெய்க்கு 900, முந்திரிக்கு 230, திராட்சைக்கு 60. மொத்தம் 2960 கலோரி. இட்ட எடை 1925 கிராம். வாணலியின் ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறி இறக்கியபோது ஒரு கிலோ இருந்தது. ஆகவே 100 கிராமுக்கு 296 கலோரி.

இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், அல்வா பாயசத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று சொல்லி அங்கேயே முடிவெடுத்துவிடுவார். இணையத்தில் காணும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. ஆனால் எவரும் பாயசத்தையும் அல்வாவையும் ஒரே எடையில் சாப்பிடுவதில்லை. பாயசத்தை 50 கிராம் ஊற்றிக் கொடுத்தால் கிண்ணத்தின் அடி நனைந்ததோடு சரி. அல்வாவை 150 கிராம் வைத்தால் பாதியில் திகட்டிவிடும். எங்கள் வீட்டில் பாயசம் ஊற்றும் டம்ளர் நிறைந்தால் 150 கிராம், அதற்கு 240 கலோரி. அல்வா வைக்கும் சிறு கிண்ணத்தில் நாங்கள் வழக்கமாக வைப்பதை மூன்று முறை எடை போட்டுப் பார்த்தேன், 60 கிராமை ஒட்டி இருந்தது, அதற்கு 178 கலோரி. ஆக, 100 கிராமுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்த அல்வா, இலைக்கு வரும்போது பாயசத்தில் முக்கால் பங்காகக் குறைந்துவிட்டது.

200 கலோரிக்குள் அடக்க வேண்டுமானால் பாயசம் 125 கிராம், அல்வா ஏறத்தாழ 67 கிராம். அந்த அளவுகளில் இரண்டின் உள்ளீட்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. 125 கிராம் பாயசத்தில் நாம் சேர்த்த சர்க்கரை 17 கிராம், கொழுப்பு 7 கிராம். 67 கிராம் அல்வாவில் சேர்த்த சர்க்கரையும் 17 கிராம், கொழுப்பு ஒன்பதரை கிராம். பாயசத்தில் நெய் குறைவு என்றாலும் பாலிலிருந்து மட்டும் 46 கிராம் கொழுப்பு பாத்திரத்துக்குள் வந்துவிடுகிறது, நெய்யிலிருந்து வருவதைவிட அது அதிகம். பால் பாயசத்தை லேசானது என்று நாங்கள் எண்ணியதற்கு, பாலிலுள்ள கொழுப்பு நெய்யைப்போல் கண்ணுக்குத் தெரியாததே காரணம் என்று நினைக்கிறேன்.

வெல்லத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சில் மூன்றாவது யோசனையாக அதுதான் வந்தது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் அப்பாவுக்கு நல்லதல்லவா என்று அத்தை தொலைபேசியில் கேட்டார். வெல்லத்தின் கலோரி, அதிலுள்ள ஈரத்தைப் பொறுத்து 100 கிராமுக்கு 355 முதல் 385 வரை அட்டவணைகளில் காணப்படுகிறது. 380 என்று வைத்துக்கொண்டு, 200 கிராம் சர்க்கரைக்குப் பதில் அதே 200 கிராம் வெல்லம் போட்டால் பாத்திரம் முழுவதற்கும் 40 கலோரி குறைகிறது. பத்துக் கிண்ணத்தில் பங்கிட்டால் கிண்ணத்துக்கு 4 கலோரி, அதாவது அரை முந்திரிப் பருப்பு. ஆனால் எவரும் ஒன்றுக்கு ஒன்று என்று போடுவதில்லை. வெல்லத்தின் இனிப்பு சர்க்கரையைவிடக் குறைவு என்பதால் கை தானாகவே கூடுதலாகப் போடுகிறது. அம்மா வெல்லப் பாயசத்துக்குப் போடும் அளவு 250 கிராம், அதற்கு 950 கலோரி. அப்படிப் போட்டால் சர்க்கரைப் பாயசத்தைவிட 150 கலோரி கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வெல்லத்தில் சிறிது இரும்பும் மற்ற தாதுக்களும் உண்டு என்பது உண்மை, அதன் மணத்துக்காகவே அதை விரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அது பெரும்பாலும் சர்க்கரையே என்பதால், கலோரியைக் குறைக்கும் வழியாகவோ, நீரிழிவு உள்ளவர் தயங்காமல் சாப்பிடக்கூடிய ஒன்றாகவோ அதைச் சொல்வது தவறு.

வெல்லம் போடுவதில் சமையல் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் பால் திரிந்துவிடும். வெல்லத்தைத் தனியே கரைத்து, வடிகட்டி, பாயசத்தை இறக்கிச் சூடு தணிந்த பிறகே சேர்க்க வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே பலர் வெல்லம் என்றவுடன் பசும்பாலை விட்டுத் தேங்காய்ப்பாலுக்குப் போய்விடுகிறார்கள், பாசிப்பருப்புப் பாயசம் அப்படித்தான் செய்யப்படுகிறது. அங்கே கணக்கு சற்றுத் தடுமாறும். துருவிய தேங்காய் 250 கிராம் என்றால் அதில் ஏறத்தாழ 1000 கலோரி இருக்கும், ஆனால் பிழிந்த சக்கையில் எவ்வளவு கொழுப்பு தங்கிவிட்டது என்பதை வீட்டில் அறிய வழியில்லை. 1000 என்பதை மேல் எல்லையாகவும், அதில் பாதியைக் கீழ் எல்லையாகவும் வைத்துக்கொண்டு இரண்டு முறை கணக்குப் போடுவதுதான் நேர்மையான வழி. ஒரு லிட்டர் பாலின் 740 அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழுவதால், தேங்காய்ப்பாலுக்கு மாறினால் கலோரி குறையும் என்று உறுதி கொடுக்க முடியாது. அளவை அறுதியாகச் சொல்ல வேண்டிய அப்பாவின் கிண்ணத்துக்கு இது பொருந்தாது என்று அந்த யோசனையை அத்துடன் விட்டுவிட்டோம்.

கணக்கு எங்கே பிழையாகும் என்பது, எந்தப் பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவையே மாற்றக்கூடியது. எல்லாப் பொருளிலும் ஒரே அளவு கவனம் தேவையில்லை. கேரட்டுக்கு ஒரு அட்டவணையில் 33 என்றும் இன்னொன்றில் 48 என்றும் இருக்கலாம். ஒரு கிலோவுக்கு அந்த வேறுபாடு 150 கலோரி. கேட்கும்போது பெரிதாகத் தெரிந்தாலும் 60 கிராம் கிண்ணத்தில் அது 9 கலோரிதான். நெய்யில் அப்படி இருக்க முடியாது. உருகிய நெய்யைத் தலை தட்டி எடுத்தால் ஒரு மேசைக்கரண்டி 13 அல்லது 14 கிராம், அதாவது 120 கலோரிக்கு மேல். உறைந்த நெய்யைக் குவித்து எடுத்தால் அதே கரண்டியில் 20 கிராமுக்கு மேலும் வரும். அல்வா கிளறும்போது அடிபிடிக்கிறதே என்று நடுவில் விடும் இரண்டு கரண்டி யாருடைய கணக்கிலும் வருவதில்லை. முந்திரி வறுக்கத் தனிக் கரண்டியில் விட்ட நெய்யும் கடைசியில் அப்படியே பாத்திரத்துக்குள்தான் போகிறது. இதற்கு நான் கண்ட நல்ல வழி, கரண்டிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, சமையல் தொடங்கும் முன் நெய் ஜாடியை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, இறக்கிய பிறகு மறுபடியும் எடை போடுவது. குறைந்த கிராமை 9ஆல் பெருக்கினால் முடிந்தது. நடுவில் யார் எத்தனை முறை விட்டாலும் ஜாடி தவறாமல் சொல்லிவிடும்.

சர்க்கரைக்கும் கப் கணக்கு வேண்டாம். டப்பாவை எடை போடுங்கள். பாத்திரத்தின் எடையைச் சமையலுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளவும் மறக்கக் கூடாது. நான் முதல் முறை செய்தபோது, அடிகனமான உருளியில் பாயசத்தை வைத்துவிட்டு, கடைசியில் உருளியின் எடை தெரியாமல், சூடான பாயசத்தை முழுவதும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஓரத்தில் ஒட்டியது வேறு கணக்கில் வராமல் போனது. வீட்டு மின்னணுத் தராசு பலவும் 5 கிலோவுக்கு மேல் காட்டாது என்பதால், வெண்கல உருளி வைத்திருப்பவர்கள் பண்டத்தோடு சேர்த்து அது தராசுக்குள் அடங்குமா என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி எடையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு அல்வாவே சான்று. அதே பொருள்களை அதே அளவில் இட்டு, இன்னும் கால் மணி நேரம் கூடுதலாகக் கிளறி 850 கிராமுக்கு இறக்கினால், மொத்தம் அதே 2960தான், ஆனால் 100 கிராமுக்கு 348 ஆகிவிடுகிறது. 60 கிராம் கிண்ணம் 178இலிருந்து 209க்குப் போய், அப்பாவின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. பாயசமும் 1300 கிராமுக்குச் சுண்டினால் 125 கிராம் கிண்ணம் 200இலிருந்து 223 ஆகும். செய்முறையும் அளவும் ஒன்றாக இருப்பதால் கலோரியும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி, போன முறை போட்ட கணக்கை இந்த முறைக்கும் எடுத்துக்கொள்வது சரியல்ல. இறக்கும்போது ஒரு முறை எடை போட்டே ஆக வேண்டும்.

திருநெல்வேலிப் பாணியில் கோதுமைப் பாலில் அல்வா கிண்டுகிறவர்களுக்கு இதில் இன்னும் இரண்டு படிகள் உண்டு. ஊற வைத்து அரைத்த கோதுமையின் சக்கை வெளியே போய்விடுவதால், போட்ட கோதுமை முழுவதையும் கணக்கில் எழுத முடியாது. பதம் வரும்போது அல்வா கக்கும் நெய்யை வடித்து எடுத்தால், எடுத்த நெய்யை எடை போட்டு, அந்தக் கிராமை 9ஆல் பெருக்கி மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். கேரட் அல்வாவில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

அடுத்து, எதைக் குறைத்தால் எவ்வளவு குறையும் என்று பார்த்தோம். பாயசத்தில் நிலைப்படுத்திய பாலுக்குப் பதில் டோன்டு பால் வாங்கினால் பாத்திரத்துக்கு 140 கலோரி குறைகிறது, 125 கிராம் கிண்ணத்துக்கு 12. சர்க்கரையை 50 கிராம் குறைத்தால் 200 கலோரி, கிண்ணத்துக்கு ஏறத்தாழ 17. நெய்யை 25 கிராமிலிருந்து 10 ஆக்கினால் 135 கலோரி, கிண்ணத்துக்குப் 12க்குச் சற்றுக் கீழே. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத்தான் கொடுக்கிறது, மூன்றையும் சேர்த்துச் செய்தால் பாயசம் நீர்த்துப் போய் அம்மாவுக்குப் பிடிக்காது.

அல்வாவில் குறைக்க இடம் அதிகம், ஆனால் அங்கே எண்கள் ஒரு விதமாக ஏமாற்றும். நெய்யை 50 கிராம் ஆக்கி, சர்க்கரையை 200 கிராம் ஆக்கினால் மொத்தத்தில் 650 கலோரி குறைந்து 2310 ஆகிறது, அது 22 சதவீதக் குறைவு. ஆனால் நெய்யிலும் சர்க்கரையிலும் 100 கிராம் குறைந்ததால் அல்வாவின் எடையும் 900 கிராமாகக் குறைகிறது. 100 கிராமுக்குக் கணக்கிட்டால் 257, பழைய 296இலிருந்து 13 சதவீதம்தான் குறைவு. 60 கிராம் கிண்ணத்துக்கு 154. பாத்திரக் கணக்கைப் பார்த்து 22 சதவீதம் குறைத்துவிட்டோம் என்று மகிழ்கிறவர், கிண்ணத்தைப் பழைய எடைக்கே நிரப்பினால் அதில் ஐந்தில் இரண்டு பங்கைத் தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பழைய அல்வா 60 கிராம் வீதம் 16 கிண்ணம் வந்தது, புதியது 15தான் வரும். ருசியைச் சொல்ல வேண்டுமானால், நெய் பாதியான அல்வா கேரட் கூட்டுப் போல இருந்தது என்பது தங்கையின் தீர்ப்பு, நானும் அதை ஏற்கிறேன். விசேஷ நாளுக்குச் செய்யும் பண்டத்தில் நெய்யைக் குறைப்பதைவிடக் கிண்ணத்தைச் சிறிதாக்குவதையே நான் விரும்புகிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு முடிவு பண்டத்தைப் பொறுத்ததாக இல்லை, யார் எப்படிப் பரிமாறுகிறார்கள் என்பதைப் பொறுத்ததாகவே இருந்தது. பாயசத்துக்குக் கிண்ணமே அளவு. 125 கிராம் கொள்ளும் சிறு டம்ளரை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு தராசே வேண்டாம், 20 கிராம் கூடிப் போனாலும் 32 கலோரிதான் கூடும். ஆனால் ஊற்றுகிறவர் பாத்திரத்தை அடிவரை கலக்கிய பிறகு மொள்ள வேண்டும், ஏனென்றால் சேமியாவும் முந்திரியும் அடியில் தங்கி, முதலில் ஊற்றிய டம்ளரும் கடைசியில் ஊற்றியதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆறியதும் சேமியா பாலை உறிஞ்சிப் பாயசம் இறுகிவிடுவது இன்னொரு தொல்லை. அதை இளக்க 200 மில்லி பால் விட்டால் பாத்திரத்தில் கிட்டத்தட்ட 150 கலோரி சேர்ந்துவிடும், வெந்நீர் விட்டால் ஒன்றும் சேராது. பாயசத்தின் பெரிய ஆபத்து இரண்டாவது முறை. இலையில் உட்கார்ந்தவரிடம் இன்னொரு கரண்டி என்று கேட்காமல் போவது மரியாதை ஆகாது என்று நினைக்கும் வீடு எங்களுடையது. அப்பாவும் வேண்டாம் என்று சொல்லிப் பழகியவர் அல்லர்.

அல்வாவுக்குக் கண் அளவு உதவாது. 60 கிராமையும் 80 கிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட வேறுபாடு எளிதில் தெரிவதில்லை, ஆனால் அந்த 20 கிராம் 59 கலோரி. ஆகவே தராசு இல்லாத வீட்டில், அல்லது கரண்டியோடு ஒருவர் சுற்றிவந்து பரிமாறும் பந்தியில், 200 கலோரிக்குள் நிற்க வேண்டிய ஒருவருக்குச் சிறு டம்ளர் பாயசமே பாதுகாப்பானது. தராசு இருந்து, முன்கூட்டியே கிண்ணங்களில் போட்டு வைக்க முடியுமானால் அல்வா மேலானது. கிண்ணமாக வைத்துவிட்ட இனிப்பை எவரும் இரண்டாவது முறை கொண்டுவந்து நீட்டுவதில்லை, ஆறினாலும் அதன் எடை அவ்வளவாக மாறுவதில்லை, 60 கிராமில் வரம்புக்குள் 22 கலோரி மிச்சமும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தராசு இருந்தது, பத்துப் பேருக்குப் பத்துக் கிண்ணமும் இருந்தன. அல்வா என்று முடிவு செய்தோம். ஆனால் ஒரு கிலோ கேரட் போடவில்லை. பத்துக் கிண்ணத்துக்கு 600 கிராம் அல்வா போதும் என்னும்போது, ஒரு கிலோ செய்தால் 400 கிராம் மிஞ்சும். அந்த 400 கிராமில் கிட்டத்தட்ட 1200 கலோரி குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும், மறுநாள் காலையில் யாருடைய கணக்கிலும் இல்லாமல் ஒரு கரண்டி, ஒரு கரண்டியாகப் போகும். தோல் சீவிய பிறகு 600 கிராம் நிற்கும்படி 700 கிராம் கேரட் வாங்கி, பால் 300 மில்லி, சர்க்கரை 150 கிராம், நெய் 60 கிராம், முந்திரி 25 கிராம், திராட்சை 12 கிராம் போட்டுக் கிளறினோம். மொத்தம் ஏறத்தாழ 1780 கலோரி. இறக்கும்போது தராசு 610 கிராம் காட்டியது, கிண்ணத்துக்கு 60 கிராம் போட்ட பிறகு வாணலியில் ஒட்டியிருந்த 10 கிராமைத் தங்கை வழித்துச் சாப்பிட்டாள். அப்பாவின் கிண்ணத்தில் 175 கலோரி இருந்தது.